தேரையாக இருக்கட்டும்

தம்பிக்காரனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. நாய் டாக்டரின் கிளினிக் முன்னறையில் வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள் கிடந்தன. எல்லாவற்றிலும் உட்கார்ந்து பார்த்துவிட்டான், ஒன்றும் அவனுக்குத் தோதாக அமையவில்லை. எழுந்து எடை பார்க்கும் மிஷின் வரை போனான், திரும்பி வந்தான். பூனைக்கு எப்போதெல்லாம் குடல்பூச்சி மருந்து தரவேண்டும் என்று சுவரில் ஒட்டியிருந்ததை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை கவனமாகப் படித்தான். பூனையோடு ஒரு நாள்கூடப் பழகாத மனுஷன் அவன்.

உள்ளறையில் இரும்பு மேஜைமேல் மேனேஜர் கிடந்தது. மேனேஜர் என்றால் அக்கா வீட்டு நாய். வீட்டில் யார் எங்கே போனாலும் பின்னாலேயே போய் வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்த்துவிட்டு வரும், அதனால் அந்தப் பெயர். அத்தான் கப்பலில் வேலை செய்கிறார். அவர் கரைக்கு வருவது எப்போதோ ஒரு தடவை. மற்ற நாளெல்லாம் அந்த வீட்டில் அக்காவுக்குப் பேச்சுத்துணை, காவல், கோபித்துக்கொள்ள ஒரு ஆள் எல்லாமே அதுதான். இப்போது அதன் வாயிலிருந்து நுரை வடிந்தது. தொடைச் சதை தானாகத் துடித்தது. அக்கா குளித்த தலையைக்கூடத் துவட்டாமல் வந்து, ஈர முடி மேஜைமேல் விழ அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"என்னதான் ஆச்சு? மொதல்ல இருந்து சொல்லுங்க," என்றார் டாக்டரம்மா. நடுத்தர வயசு, குரல் ஏறாது இறங்காது. பேசும்போதே கை வேலை பார்த்துக்கொண்டிருந்தது. நாயின் முகத்தைக் கீழ்நோக்கிச் சாய்த்துப் பிடித்து, தண்ணீர் தொண்டைக்குள் இறங்காமல் வெளியே ஓடும்படி ஈறையும் நாக்கையும் கழுவித் துடைத்தார்.

"தேரைதான் டாக்டர். எங்க வீட்டுக் குளத்துல ஒரு தேரை. அதைப் போய் மோந்து வாயில வெச்சிருக்கான் சனியன். காலையில நான் போட்டோ எடுத்தப்பவே மூஞ்சியை அதுமேலதான் வெச்சிருந்தான். நான் ஒரு மட்டி, சிரிச்சுக்கிட்டே எடுத்துட்டுக் குளிக்கப் போயிட்டேன்."

"அப்ப கூட யாரு இருந்தா?"

"இவன்தான். என் தம்பி."

டாக்டர் திரும்பிப் பார்த்தார். தம்பிக்காரன் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"சார், வாயில வெச்ச உடனேயே நுரை வந்துச்சா? இல்ல கொஞ்ச நேரம் நல்லா இருந்துட்டு அப்புறம் வந்துச்சா?"

"உடனே," என்றான் அவன். "உடனேதான் மேடம்."

வாய் கூசாமல் சொன்னான். உண்மையில் மேனேஜர் அதற்கப்புறம் கேட்டுக்கும் கொல்லைக்கும் ஓடியது, தபால்காரரைக் குலைத்து விரட்டியது, வெயிலில் புரண்டது. அக்கா நிதானமாகத் துணி துவைத்துவிட்டுக் குளிக்கப் போகிறவள். அவள் வெளியே வருகிற சமயத்துக்குத்தான் நுரை தள்ள ஆரம்பித்தது. நடுவில் நடந்ததற்குச் சாட்சி அவன் ஒருவன்தான், அந்தச் சாட்சியும் இப்போது புளுகிவிட்டது.

ஏன் புளுகினான் என்பதைச் சொல்லிவிடுகிறேன், அவன் மனசுக்குள் அதைத் தவிர வேறு எதுவும் ஓடவில்லை. மொபைல் ரிப்பேர் கடையை இழுத்து மூடிவிட்டு ஒரு வாரம் இருந்துவிட்டுப் போகிறேன் என்று அக்கா வீட்டுக்கு வந்தவன் அவன். அந்த ஒரு வாரம் இன்னும் முடியவில்லை. சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிறான் என்ற பேர் வரக்கூடாது என்று தோட்டத்தை எடுத்துக்கொண்டான். நாற்று நட்டான், தண்ணீர் ஊற்றினான், நத்தைகள் வந்து மொட்டையடித்துவிட்டுப் போயின. மறுபடி நட்டான், மறுபடி மொட்டை. "மருந்து கிருந்து எதுவும் வாங்கிட்டு வராதே. மேனேஜர் தரையில கெடக்கிற எதையும் விடமாட்டான்," என்று அக்கா ஒரு தடவைக்கு மூன்று தடவை சொல்லியிருந்தாள். அவன் சரி சரி என்றான். நேற்றுச் சாயங்காலம் நத்தை மருந்து வாங்கிவந்து பாத்தியில் தூவினான். நீல நிறத்தில் சின்னச் சின்ன உருண்டை, தவிட்டு வாசனை அடிக்கும். பாக்கெட்டைக் கொட்டகையில் உரமூட்டைக்குப் பின்னால் செருகிவைத்தான்.

இன்று காலை போய்ப் பார்த்தபோது ஒரு வரிசை முழுக்க நீல உருண்டைகளைக் காணோம். மண் நக்கிவிட்ட மாதிரி வழவழவென்று இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதுதான் பின்னால் அக்கா கத்தினாள்: "டேய், மேனேஜருக்கு என்னமோ ஆயிடுச்சுடா! அந்தத் தேரையைக் கடிச்சிருக்கான்!"

தேரை என்ற வார்த்தையை அக்காதான் முதலில் சொன்னாள். அவன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். ஆட்டோவில் வரும்போதே மனசுக்குள் ஒரே வேண்டுதல்தான்: தேரையாக இருக்கட்டும். தேரையாக மட்டும் இருந்துவிட்டால் போதும், கொட்டகையில் இருக்கிற பாக்கெட்டை ராவோடு ராவாகக் குப்பைக்கு அனுப்பிவிடலாம், இனி ஜென்மத்துக்கும் மருந்து பக்கம் போகமாட்டேன்.

டாக்டர் ஊசி போட்டார். துடிப்பு கொஞ்சம் அடங்கிற்று.

"போட்டோ எடுத்தீங்கன்னு சொன்னீங்களே, அதைக் காட்டுங்க."

அக்கா நாயை விடாமல் ஒரு கையால் போனை எடுத்து நீட்டினாள். டாக்டர் அதைத் தம்பிக்காரனிடம் கொடுத்து முன்னறைக் கம்ப்யூட்டருக்கு அனுப்பச் சொன்னார். போன் வேலைதான் அவனுக்குத் தண்ணி பட்ட பாடு ஆயிற்றே. ஆனால் இரண்டு தடவை தப்பான படத்தை அனுப்பினான். ஒன்றில் அக்கா தலை இல்லாமல் நின்றாள்.

படம் திரையில் விரிந்தது. வெயில் சாய்வாக விழுந்த காலைக் குளம். குளம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, அக்கா தானே வெட்டித் தார்ப்பாய் விரித்துக் கல் அடுக்கியது, நாலு பேர் சுற்றி உட்காரலாம். தண்ணீரில் சின்னப் பாசி இலைகள் மிதந்தன. நடுவில் மேனேஜர், வால் மங்கலாகத் தெரியும் அளவுக்கு ஆட்டிக்கொண்டு, மூக்கைக் கரைக் கல்லில் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்றின்மேல் வைத்திருந்தது.

"இது தவளையா தேரையான்னு முடிவு பண்ணணும் சார்," என்றார் டாக்டர், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு. "தேரைன்னா விஷம் தோல்ல இருக்கும், வாயிலதான் ஒட்டும். வாயைக் கழுவியாச்சு, இதயத்தைப் பாத்துக்கிட்டே மருந்து குடுத்துக்கிட்டு வரலாம். தேரை இல்லேன்னா வேற எதையோ தின்னுருக்கு. அப்ப மயக்கம் குடுத்து, குழாய் விட்டு வயித்தைக் கழுவணும். தேரை விஷத்துல இதயம் ஆட்டம் கண்டிருக்கிற நாய்க்குத் தேவையில்லாம மயக்க மருந்து குடுத்தா அதுலயே போயிடும். அதனாலதான் கேக்கறேன்."

"தேரைதான் மேடம். பாருங்க, ஒடம்பெல்லாம் சொரசொரன்னு புள்ளி புள்ளியா."

டாக்டர் படத்தைப் பெரிதாக்கினார். முதுகெல்லாம் பச்சைப் புள்ளி தெரிந்தது. இன்னும் பெரிதாக்கினார். புள்ளிகளுக்கு விளிம்பு வந்தது, ஒன்றின் ஓரம் தூக்கிக்கொண்டிருந்தது.

"மரு இல்ல சார். பாசி இலை. தண்ணியிலருந்து ஏறும்போது ஒட்டிக்கிட்டு வந்திருக்கு. நடுவுல தெரியிற தோலைப் பாருங்க, வழவழன்னு இருக்கு."

"ஈரத்துல தேரையும் வழவழன்னுதானே இருக்கும்?"

"இருக்கும், பளபளன்னு தெரியும். சொரசொரப்பான தவளையும் உண்டு. தோலை மட்டும் வெச்சு சத்தியம் பண்ணமுடியாது." அவன் குறுக்கே பேசியதை அவர் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அக்கறை என்று நினைத்துவிட்டார் பாவம். "தேரைக்குக் கண்ணுக்குப் பின்னால ரெண்டு பக்கமும் புடைச்சுக்கிட்டு இருக்கும், அவரைக் கொட்டை ஒட்டிவெச்ச மாதிரி. விஷமே அதுலதான் அதிகம். அது தெரிஞ்சா ஒரே நொடியில முடிஞ்சிடும். ஆனா உங்க ஆளு மூஞ்சியைக் கொண்டுபோய் அதும் தலைமேலயே வெச்சிருக்கான்."

தலை தெரியவில்லை என்றதும் தம்பிக்காரனுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

அந்த மூச்சு நிலைக்கவில்லை. டாக்டர் படத்தை நகர்த்திப் பின்பக்கத்துக்கு வந்தார். பேனா முனையால் திரையைத் தொடாமல் காட்டினார்.

"இங்க பாருங்க. தேரை ஒடம்பு மொத்தமும் ஒரே குண்டு, பை மாதிரி. கால் குட்டைக் கால், மடக்கினா வயித்துக்கடியில ஒடுங்கிடும். நடக்கும், தத்தும், பெருசாத் தாவாது. இதுக்கு இடுப்பு ஒடுங்கியிருக்கு. முதுகுல கூனல் மாதிரி ஒரு திருப்பம் தெரியுது. பின்னங்காலைப் பாருங்க, மூணா மடிச்சும் ஒடம்புக்கு வெளிய நீட்டிக்கிட்டு நிக்குது. முட்டி எங்க இருக்கு, பாதம் எங்க இருக்கு. நீட்டினா ஒடம்பைவிட நீளம் வரும். விரலுக்கு நடுவுல ஜவ்வு. இது தாவுற காலு சார். தவளை."

திரையில் அந்தக் கால் ஒரு முழம் நீளத்துக்குத் தெரிந்தது. அவன் அதை எவ்வளவு நேரம் பார்த்தாலும் அது குட்டையாகவில்லை.

டாக்டர் உள்ளே தலையை நீட்டினார். "அம்மா, வீட்டுல எலி மருந்து, பூச்சி மருந்து, நத்தை மருந்து, ஏதாவது இருக்கா? தோட்டத்துல போட்டிருக்கீங்களா?"

"சத்தியமா இல்ல டாக்டர்! இவனுக்காகவே நான் எறும்புப் பவுடர்கூட வாங்கறதில்ல. தோட்டம் முழுக்கத் தம்பி பாத்துக்கிறான். நான் சொன்னா சொன்னதுதான், அவன் மீறமாட்டான்."

இந்த இடத்தில் வாயைத் திறந்திருக்க வேண்டும். எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும், அவனுக்கு நம் இருவரையும்விட நன்றாகத் தெரியும். ஆனால் அக்கா அப்படி ஒரு வார்த்தை சொல்லிவிட்ட பிறகு அதை அவள் முகத்துக்கு நேராக உடைப்பதற்கு அவனுக்கு நெஞ்சு வரவில்லை. கண் திரையில் அலைந்தது. மூலையில், மேனேஜரின் முன்னங்காலுக்குக் கீழே, தண்ணீரில் கருப்பாக ஒரு கூட்டம் தென்பட்டது.

"மேடம், இது என்ன? தலைப்பிரட்டைதானே? கருப்பா, கும்பலா இருக்கே. தேரைக் குஞ்சுதான் இப்படிக் கும்பலாத் திரியும்னு எங்கயோ கேட்டிருக்கேன்."

டாக்டர் குனிந்தார். பெரிதாக்கினார். பார்த்தார்.

"ஆமா," என்றார் மெதுவாக. "தேரையோட தலைப்பிரட்டை மைக் கருப்பு. சின்னதா இருக்கும், கூட்டம் கூட்டமாப் போகும். தவளையோடது கொஞ்சம் வளர்ந்தா பழுப்பாகி மேல பொன் தூவின மாதிரி வரும், தனித்தனியா அங்கங்க ஒதுங்கும். இது கருப்பாத்தான் தெரியுது. கூட்டமாவும் இருக்கு." பேனாவால் தாடையைத் தட்டிக்கொண்டார். "அப்ப இந்தக் குளத்துல தேரை முட்டை விட்டிருக்கு. படத்துல இருக்கிறது தவளையா இருந்தாலும், இதுக்கப்புறம் வேற ஒரு தேரையை வாயில வெச்சிருக்கலாம். நீங்க வேற உடனே நுரை வந்துச்சுங்கறீங்க. அது தேரைக்குத்தான் பொருந்துது."

"அதான் மேடம்."

"சரி. இப்பவே மயக்கத்துக்குப் போகவேண்டாம். கொஞ்சம் பாக்கலாம்." டாக்டர் எழுந்து உள்ளே போனார்.

தம்பிக்காரன் ஜெயித்துவிட்டான். ஜெயித்தவன் ஆற அமர உட்காரவேண்டியதுதானே? முடியவில்லை. மறுபடி எடை மிஷின், மறுபடி பூனை. உள்ளே கம்பவுண்டர் கை தவறி ஒரு ஸ்டீல் தட்டைக் கீழே போட்டார். அந்தச் சத்தத்துக்கு மேனேஜர் நான்கு காலும் விறைத்து மேஜையிலிருந்து எம்பிவிட்டது. அக்கா அலறினாள்.

"சத்தம் போடாதீங்க. லைட்டை அணைங்க," என்றது டாக்டரின் குரல். "தொட்டா விறைக்குது, சத்தத்துக்கு விறைக்குது. ஜுரம் வேற ஏறுது. துணியை நனைச்சுப் போடுங்க. தேரைக்கு இவ்வளவு தூக்கிப்போடுமா..."

கடைசி வாக்கியத்தை அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வெளியே நின்றவனுக்கு அது மட்டும்தான் கேட்டது.

அவன் ஓடிப்போய்த் திரைக்கு முன்னால் நின்றான். அந்தக் கருப்புக் கூட்டத்தை இன்னொரு தரம் பார்த்துவிட்டால் நெஞ்சு அடங்கும் என்று தோன்றிற்று. தேரைக் குஞ்சுகள்தானே? டாக்டரே சொல்லிவிட்டாரே? மவுஸை எடுத்து, டாக்டர் பண்ணிய மாதிரியே மூலையைப் பெரிதாக்கினான்.

கருப்புதான். ஆனால் கல்லும் கருப்பாக இருந்தது. கல்லுக்குப் பக்கத்தில் மிதந்த பாசி இலையும் கருப்பாக இருந்தது. பாசி எங்கேயாவது கருப்பாக இருக்குமா? படத்தைக் கொஞ்சம் சுருக்கினான். அந்தக் கருப்புக்கு ஒரு உருவம் வந்தது. இரண்டு காது, நீண்ட மூக்கு, வளைந்த கழுத்து. சாய்ந்த வெயிலில் மேனேஜரின் நிழல் தண்ணீர்மேல் விழுந்திருந்தது. அதன் காதுக்குள்தான் அத்தனை தலைப்பிரட்டைகளும் இருந்தன.

நிழலின் ஓரத்துக்குப் படத்தை நகர்த்தினான். கூட்டத்திலிருந்து ஒன்று மட்டும் பாதி உடம்பு வெளியே, வெயிலில் நீட்டிக்கொண்டிருந்தது. நிழலுக்குள் இருந்த தலை கருப்பு. வெயிலுக்கு வந்த பாதி பழுப்பு, மேலே பொன் தூவின மாதிரி. உருண்டை உடம்பு முடிந்து வால் தொடங்குகிற இடத்தில், நூல் மாதிரி மெல்லிசாக, முட்டி மடிந்த இரண்டு பின்னங்கால்கள் முளைத்திருந்தன. கால் விடுகிற பருவத்துக்கு வளர்ந்தது பழுப்பாக இருந்தால் அது தேரைக் குஞ்சு இல்லை. இப்போதுதான் டாக்டர் சொன்னார், மைக் கருப்பு என்று.

அப்புறம் ஏன் கும்பலாக இருக்கின்றன? அதற்கும் பதில் அவனுக்குத் தெரிந்திருந்தது, தெரியாமல் இருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அக்கா தினமும் காலையில் ஒரு கீரை இலையை வேகவைத்து ஆறவைத்து அந்த மூலையில் போடுவாள். போட்டதும் குளத்தில் எங்கெங்கோ இருக்கிற தலைப்பிரட்டையெல்லாம் வந்து மொய்க்கும். "பந்திக்கு வந்துட்டாங்க பாரு," என்று அவள் சிரிப்பாள். கூட்டத்துக்கு நடுவில் இன்னும் கொஞ்சம் பெரிதாக்கிப் பார்த்தான். இலையின் நரம்பு தெரிந்தது.

தேரை இல்லை. அந்தக் குளத்தில் தேரை இருக்கிறது என்பதற்கு இருந்த ஒரே சாட்சி, செத்துக்கொண்டிருக்கிற நாயின் நிழல்.

ஒரு நிமிஷம் அவன் கெட்ட யோசனையும் செய்தான், அதை மறைக்க மாட்டேன். இதை யாரும் பார்க்கவில்லை. படத்தை மூடிவிட்டால் போதும். நாய் பிழைத்தால் தேரையிடமிருந்து பிழைத்தது, போனால் தேரையால் போனது. கை மவுஸ்மேல்தான் இருந்தது.

உள்ளே அக்கா நாயின் காதில் பேசிக்கொண்டிருந்தாள். "என் ராஜால்ல, கொஞ்சம் பொறுத்துக்கோ, அத்தான் வந்தா நான் என்னடா பதில் சொல்லுவேன்." அழுகிறாள் என்று குரலில் தெரியவில்லை, நடு நடுவே நின்றுபோனதில்தான் தெரிந்தது.

அவன் உள்ளறை வாசலுக்குப் போனான். வழியில் நாற்காலி ஒன்று காலில் இடித்துச் சாய, சத்தம் வராமல் தாங்கிப் பிடித்து நிமிர்த்திவைத்தான்.

"மேடம், கொஞ்சம் வாங்க. அது தேரைக் குஞ்சு இல்ல."

டாக்டர் வந்து பார்த்தார். அவன் நிழலைக் காட்டினான், வெயிலில் நீட்டிய பாதி உடம்பைக் காட்டினான், காலைக் காட்டினான், இலையைக் காட்டினான். வார்த்தை ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு வந்தது. எல்லாவற்றையும் காட்டினான், ஒன்றைத் தவிர. அதைப் படமே சொல்லிவிடும், தான் சொல்லவேண்டியிருக்காது என்று அப்போதும் ஒரு நப்பாசை.

"நிழல்," என்றார் டாக்டர். "ஆமா. நான் பாத்திருக்கணும். தவளைதான், ரெண்டும் தவளைதான்." உடனே திரும்பி அவனைப் பார்த்தார். "அப்ப இது வேற எதையோ தின்னுருக்கு. என்னன்னு தெரியாம நான் எதைக் கழுவறது? நல்லா யோசிங்க சார். உடனே நுரை வந்துச்சுன்னு சொன்னீங்களே, நிஜமா உடனேதானா?"

வாசலில் அக்கா வந்து நின்றாள். ஒரு கையில் நனைந்த துணி.

"இல்ல," என்றான். "ரொம்ப நேரம் கழிச்சுத்தான் வந்துச்சு. நத்தை மருந்து மேடம். நீல உருண்டை. நேத்து நான்தான் பாத்தியில தூவினேன். காலையில ஒரு வரிசை காணோம்."

டாக்டர் திட்டவில்லை. திட்டுவதற்கு அவருக்கு நேரமில்லை. "பாக்கெட் படம் ஏதாவது இருக்கா? பேரு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார். அவன் சொன்னான். "கம்பவுண்டர், குழாய் எடுங்க, விஷத்தை உறிஞ்சறதுக்குக் கரித்தூள் கலக்குங்க, ஐஸ் கொண்டாங்க," என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது. அக்காவையும் வெளியே நிற்கச் சொல்லிவிட்டார்கள்.

அக்கா நனைந்த துணியோடு ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். தண்ணீர் சொட்டி அவள் புடவையை நனைத்தது. அவன் உட்காரவில்லை. திட்டுவாள் என்று காத்திருந்தான். செருப்பைக் கழற்றி அடித்தால்கூட வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தான். அவள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதுதான் அவனால் தாங்கமுடியவில்லை. வாசல் வரைக்கும் போவான், ரோட்டைப் பார்ப்பான், வருவான்.

"அக்கா..."

"நடக்காதேடா. தலை சுத்துது."

நின்றுவிட்டான்.

வெயில் ஜன்னலை விட்டு இறங்கிய பிறகுதான் கதவு திறந்தது. கம்பவுண்டர் ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனார். வாளித் தண்ணீர் நீலமாக இருந்தது. அக்கா அதைப் பார்த்தாள். அவனும் பார்த்தான்.

டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "நிறைய வெளிய வந்துடுச்சு. ஜுரம் எறங்குது, தூக்கிப்போடறது குறைஞ்சிருக்கு. ரெண்டு மூணு நாள் இங்கயே இருக்கட்டும். நாளைக்குத் தாண்டிட்டா பயமில்லேன்னு சொல்லலாம். இன்னும் தாமதமாயிருந்தா எதுவும் சொல்லியிருக்க முடியாது." அவர் யாரையும் குறிப்பாகப் பார்க்காமல்தான் சொன்னார்.

அக்கா எழுந்தாள். தம்பியிடம் வந்து நின்று, அன்றைக்கு முதல் முறையாக அவனை நேராகப் பார்த்தாள்.

"இது மருந்தாலதான்னு உனக்கு எப்பத் தெரியும்?"

இன்னொரு பொய் நாக்கு நுனியில் தயாராகத்தான் இருந்தது. இப்போதுதான் தெரிந்தது, நிழலைப் பார்த்ததும்தான் உறைத்தது என்று சொல்லிவிடலாம். "ஆட்டோ ஏறும்போதே," என்றான்.

அவள் மனசுக்குள் கணக்குப் போடுவது அவனுக்குத் தெரிந்தது. ஆட்டோ, வாய் கழுவியது, ஊசி, படம், பாசி இலை, கால், அவள் உள்ளேயிருந்து கத்திச் சொன்னது, தட்டு விழுந்தது. ஒவ்வொன்றிலும் நின்று நின்று அவள் வந்தாள்.

"அந்தத் தவளை காலைப் பாத்தப்பறமுமா?"

"ம்."

"நான் உள்ளருந்து உன்னைப் பத்திச் சொன்னது கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

இருவரும் உள்ளே போனார்கள். மேனேஜர் ஒருக்களித்துக் கிடந்தது. வாயோரமெல்லாம் கரித்தூள் அப்பி, அடுப்பங்கரையில் புகுந்து வந்த மாதிரி இருந்தது. மயக்கம் முழுதாகத் தெளியவில்லை. அவன் வாசலிலேயே தயங்கினான். அவன் வாசனை பட்டதோ என்னவோ, நாய் ஒரு கண்ணைப் பாதி திறந்தது. தலை எழவில்லை. வால் மட்டும் மேஜைமேல் ஒரு தரம் தட்டியது, கொஞ்சம் பொறுத்து இன்னொரு தரம் தட்டியது. தினமும் பாத்தியில் அவன் குனிந்து வேலை செய்யும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்து தட்டுகிற அதே தட்டு.

தம்பிக்காரன் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். சத்தம் வந்தால் அது விறைத்துக்கொள்ளுமோ என்று வாயைக் கையால் அடைத்துக்கொண்டு அழுதான்.

"அதுக்கு ஒண்ணும் தெரியாது," என்றாள் அக்கா, நாயின் காதைத் தடவிக்கொண்டே. "எனக்குத்தான் தெரியும்."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றான். போய்விடு என்று சொல்லப்போகிறாள் என்று நினைத்தான். பெட்டியில் எதை முதலில் வைப்பது என்றுகூட யோசித்துவிட்டான்.

"வீட்டுக்குப் போ. இருட்டறதுக்குள்ள போ. அந்தப் பாத்தியில ஒரு உருண்டை விடாம கையால பொறுக்கு. மேல்மண்ணையும் சொரண்டி எடுத்துடு. பாக்கெட்டோட கட்டி டாக்டர்கிட்டக் கொண்டுவந்து குடு, அவங்க எங்க போடணுமோ போடுவாங்க. குளத்துப் பக்கமும் பாரு, தவளை வாயில போயிடப்போகுது."

"சரிக்கா."

"பொறுக்கிட்டேன்னு நீ வந்து சொல்லாதே. போட்டோ எடுத்து அனுப்பு." அவள் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. "பெருசு பண்ணிப் பாத்துக்கறேன்."